சமுதாயக் கூடத்துக்கு ஒரு டிவி: குழுவின் முன் வைக்கும் கோரிக்கையை எழுதுவது எப்படி

வாரம் ஒரு மாலை எல்லோரும் சேர்ந்து படம் பார்க்கலாம், அதற்குக் கூடத்துக்கென்று ஒரு டிவி வாங்கலாம் என்று நான் முதன்முதலில் எழுதிக் கொடுத்த கோரிக்கை திரும்பி வந்துவிட்டது. ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். திரை எத்தனை அங்குலம், படம் எவ்வளவு துல்லியம், எந்தெந்தச் செயலிகள் ஓடும் என்று எல்லாம் அதில் இருந்தது. செயலாளர் பொறுமையாகப் படித்து முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "படம் முடிஞ்சதும் யாரு பூட்டிட்டுப் போவாங்க?" என்னிடம் பதில் இல்லை. அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

அன்றைக்குப் புரிந்தது. குழு டிவியை எடைபோடுவதில்லை. அது வந்த பிறகு தங்கள் தலையில் என்ன விழும் என்றுதான் பார்க்கிறது. இரண்டாவது முறை எழுதிய கோரிக்கை நிறைவேறியது. அதை எப்படித் தயாரித்தோம் என்பதை, புதிதாக இந்த வேலையில் இறங்குபவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் இரவல் டிவியில் நான்கு மாலை

எழுதத் தொடங்கும் முன் நான்கு வாரம் நடத்திப் பாருங்கள். குழுவிடம் டிவி கேட்காதீர்கள். கூடத்தை நான்கு மாலைக்குப் பயன்படுத்த அனுமதி மட்டும் கேளுங்கள். இதற்குப் பெரும்பாலும் மறுப்பு வராது. யாராவது ஒருவர் வீட்டிலிருந்து டிவியைக் கொண்டுவந்தால் போதும்.

இந்த நான்கு மாலையிலும் ஒரு நோட்டில் சில விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் கடைசி வரை இருந்தார்கள், எந்த வரிசையில் உட்கார்ந்தவர்கள் நடுவில் எழுந்து முன்னால் வந்தார்கள், கூடத்தைத் திறந்த நேரம், பூட்டிய நேரம். எங்களிடம் வந்தவர்கள் 11, 16, 15, 22 பேர். இந்த நான்கு எண்களே கோரிக்கையில் அரைப் பக்க வேலையைச் செய்தன. 'மக்களிடையே நல்ல வரவேற்பு உள்ளது' என்று எழுதினால் நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். 22 பேர் வந்ததைக் குழுவில் இருந்தவர்களே நேரில் பார்த்திருந்தார்கள்.

எங்கள் இரவல் டிவி 43 அங்குலம். மூன்றாவது வாரம் வேற்றுமொழிப் படம் ஒன்று போட்டோம். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்த பையனிடம், "என்னப்பா சொல்றான் அவன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு மொழி பிரச்சினையில்லை, சப்டைட்டில் எழுத்துதான் தெரியவில்லை. திரையின் அளவை எப்படித் தீர்மானிப்பது என்பதற்கான பதில் அந்த நாற்காலியில்தான் இருந்தது.

திரையின் அளவைக் கடைசி நாற்காலியிலிருந்து கணக்கிடுங்கள்

'பெரிய டிவி வேண்டும்' என்று எழுதினால் 'எவ்வளவு பெரியது, ஏன்?' என்று கேட்பார்கள். இதற்குக் கைக்கணக்கு ஒன்று இருக்கிறது. அரங்குகளில் திரை அமைப்பவர்கள் திரையின் உயரத்தை அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். சும்மா படம் பார்ப்பதற்குக் கடைசி ஆள் திரை உயரத்தைப்போல 8 மடங்கு தூரம் வரை இருக்கலாம். எழுத்தையும் வாசிக்க வேண்டுமென்றால் 6 மடங்குக்குள் இருப்பது நல்லது. சப்டைட்டில் போடுவோம் என்றால் 6 என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

டிவியின் அங்குல அளவு மூலைக்கு மூலை எடுப்பது. இன்றைய டிவிகளின் வடிவத்தில் உயரம் அதில் கிட்டத்தட்டப் பாதிதான். 43 அங்குல டிவியின் உயரம் 53 செ.மீ. சொச்சம். ஆறால் பெருக்கினால் சுமார் 3.2 மீட்டர். எங்கள் மூன்றாவது வரிசை 4 மீட்டரைத் தாண்டி இருந்தது. பெரியவருக்கு எழுத்து தெரியாததில் வியப்பே இல்லை. 65 அங்குலத்துக்கு உயரம் 81 செ.மீ., அதாவது சுமார் 4.9 மீட்டர் வரை வாசிக்கலாம். 75 அங்குலத்துக்கு 93 செ.மீ., சுமார் 5.6 மீட்டர். 85 அங்குலத்துக்கு 106 செ.மீ., சுமார் 6.3 மீட்டர்.

இப்போது நாற்காலிகளைப் போட்டுப் பாருங்கள். காகிதத்தில் வேண்டாம், கூடத்திலேயே அளவு நாடாவோடு. முதல் வரிசை திரையிலிருந்து 2.5 மீட்டரில் இருக்கட்டும். வரிசைக்கு வரிசை 90 செ.மீ. விட்டால்தான் கால் நீட்டி உட்கார முடியும், நடுவில் ஒருவர் எழுந்து போகவும் முடியும். ஐந்து வரிசை போட்டால் கடைசி வரிசை 6.1 மீட்டரில் நிற்கும். அதற்கு 85 அங்குலம் தேவை. நான்கே வரிசை என்றால் கடைசி வரிசை 5.2 மீட்டர், 75 அங்குலமே போதும். 22 பேர்தான் அதிகபட்சம் வந்திருக்கிறார்கள் என்பதால் நாங்கள் நான்கு வரிசையோடு நின்றோம். ஒரு வரிசையைக் குறைத்ததால் டிவியின் அளவு ஒரு படி இறங்கியது என்பதைக் கோரிக்கையிலும் அப்படியே எழுதினோம். 'இவர்கள் இருப்பதிலேயே பெரியதைக் கேட்கவில்லை' என்று பொருளாளர் சொன்னது அந்த வரியைப் படித்துவிட்டுத்தான்.

ஓரத்து நாற்காலிகளையும் கவனிக்க வேண்டும். பல டிவிகளில் நேர் எதிரே இருந்து பார்த்தால் நிறம் நன்றாக இருக்கும். பக்கவாட்டில் போகப் போகக் கறுப்பு சாம்பலாகும், முகங்கள் வெளிறிப்போகும். அதனால் முன் வரிசையில் 4 நாற்காலி, அடுத்ததில் 6, பின் இரண்டிலும் எட்டெட்டு என்று விசிறிபோல விரித்தோம். மொத்தம் 26 இடம். ஒவ்வோர் ஓரத்து நாற்காலியும் திரையின் நடுக்கோட்டிலிருந்து 25 பாகைக்குள் அடங்கிவிட்டது. கடையில் டிவியைத் தேர்ந்தெடுக்கும்போது, எதிரே நின்று வியப்பதை விட்டுவிட்டு, இரண்டடி பக்கவாட்டில் தள்ளி நின்று பாருங்கள்.

முன்னால் இருப்பவரின் தலை

புதியவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். திரையரங்கில் தரை சரிவாக இருக்கும், நம் கூடத்தில் தரை சமமாக இருக்கிறது. உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து சுமார் 1.15 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கண்ணுக்கு மேலே தலை இன்னும் ஒரு 12 செ.மீ. இருக்கும். கடைசி வரிசைக்காரருக்கு நேர் முன்னால், 90 செ.மீ. தள்ளி ஒருவர் உட்கார்ந்தால், அந்தத் தலையின் மேல்விளிம்பைத் தாண்டிச் செல்லும் பார்வை 5.2 மீட்டரில் உள்ள சுவரை 1.84 மீட்டர் உயரத்தில்தான் தொடும். வீட்டில் மாட்டுவதுபோல டிவியின் அடிவிளிம்பை ஒரு மீட்டர் உயரத்தில் வைத்திருந்தால், கிட்டத்தட்டத் திரை முழுவதுமே அந்த ஒருவர் தலைக்குப் பின்னால் போய்விடும். சப்டைட்டில் திரையின் அடியில்தான் வரும் என்பதால் முதலில் மறைவது அதுதான்.

இதற்கு இரண்டு மருந்து, இரண்டும் சேர்ந்தே வேண்டும். ஒன்று, நாற்காலிகளை நேருக்கு நேர் போடாமல் முன் வரிசையின் இரண்டு நாற்காலிகளுக்கு இடையில் பின் வரிசை வருமாறு அரை நாற்காலி தள்ளிப் போடுவது. அப்போது நமக்கு நேராக வரும் தலை இரண்டு வரிசை முன்னால் இருக்கும். அதே கணக்கு 1.84 மீட்டரிலிருந்து 1.50 மீட்டருக்கு இறங்கிவிடும். இரண்டு, டிவியின் அடிவிளிம்பை அந்த 1.50 மீட்டருக்கே உயர்த்துவது. 75 அங்குல டிவியின் மேல்விளிம்பு அப்போது 2.43 மீட்டரில் நிற்கும். கூரையும் மின்விசிறியும் இடிக்காதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன் வரிசைக்காரர் கொஞ்சம் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும், ஆனால் கழுத்து வலிக்கும் அளவுக்கு இல்லை. டிவியை லேசாக முன்னால் சாய்க்கக்கூடிய சுவர் மாட்டியாக வாங்கினால் அதுவும் குறையும்.

இந்த உயரத்தினால் இன்னொரு கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. சக்கரம் வைத்த ஸ்டாண்டா, சுவர் மாட்டியா என்று குழுவில் கட்டாயம் கேட்பார்கள். 75 அங்குல டிவி 30 முதல் 40 கிலோ எடை இருக்கும். அதை ஒன்றரை மீட்டர் உயரத்தில் தாங்கி நிற்கும் ஸ்டாண்டு, குழந்தைகள் ஓடி விளையாடும் கூடத்தில் கவிழக்கூடிய பொருள். சுவரே சரி. ஆனால் எந்தச் சுவர் என்று பாருங்கள். செங்கல் அல்லது கான்கிரீட் சுவராக இருக்க வேண்டும். தட்டிப் பார்த்து டொக்கென்று வெற்றொலி வந்தால் அது தடுப்புப் பலகை. அதில் உள்சட்டம் இருக்கும் இடம் தெரியாமல் மாட்டக் கூடாது. எதிர்ச் சுவரில் ஜன்னல் இருந்தால் மாலை வெயில் திரையில் பட்டுக் கண்ணாடிபோல எதிரொளிக்கும். நீங்கள் படம் போடப்போகும் அதே நேரத்தில் போய் நின்று பார்த்துவிடுங்கள்.

ஒலிக்கும் பணம் ஒதுக்குங்கள்

மெல்லிய டிவிகளின் ஒலிபெருக்கிகள் சிறியவை. பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோதான் ஒலிக்கும். வீட்டு அறையில் அது போதும். விசிறி சுற்றும் கூடத்தில், கடைசி வரிசைக்கு வசனம் குழைந்துதான் போய்ச் சேரும். ஒலியைக் கூட்டினால் இசை அதிரும், பேச்சு தெளியாது. ஆகவே ஒலிக்கான செலவைக் கோரிக்கையில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். டிவி வாங்கிய அடுத்த மாதமே 'இன்னும் ஒன்று வேண்டும்' என்று போய் நின்றால் மறுபடி முகம் கொடுக்க மாட்டார்கள்.

கூடத்தில் ஏற்கெனவே மைக் செட் இருந்தால் அதன் ஆம்ப்ளிஃபயரையே பயன்படுத்தலாம். டிவியின் ஒலி வெளியீட்டிலிருந்து கம்பி வழியாக இணையுங்கள். ப்ளூடூத் வேண்டாம், உதடு ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமுமாகப் போய்விடும். ஒலிபெருக்கிகள் திரையின் இருபுறமும் இருக்கட்டும். கூடத்தின் பின்சுவரிலிருந்து குரல் வந்தால் பார்ப்பவர்களுக்கு ஏதோ ஒட்டாமல் இருந்துகொண்டே இருக்கும்.

படம் போட உரிமை

இதை மறைத்துவிட்டுப் போகாதீர்கள். குழுவில் ஒருவராவது கேட்பார், கேட்காவிட்டாலும் பொறுப்பு குழுவின் மீதுதான் விழும். ஓடிடி சந்தாக்கள் பொதுவாக வீட்டில், சொந்தமாகப் பார்ப்பதற்கு மட்டுமே தரப்படுபவை. கடையில் வாங்கும் டிஸ்க்கும் அப்படித்தான். பல நாடுகளில், நுழைவுக் கட்டணம் வாங்கவில்லை என்பதால் மட்டும் பொது இடத்தில் படம் போட அனுமதி கிடைத்துவிடாது. கூடத்தில் பாட்டு போடுவதற்கு வாங்கிய உரிமம் படத்துக்கும் சேர்த்து என்று நினைப்பதும் தவறு, இரண்டும் வேறு வேறு.

செய்ய வேண்டியது இதுதான். உங்கள் ஊர்ச் சட்டப்படி பொதுத் திரையிடல் உரிமத்தை யார் தருகிறார்கள் என்று விசாரித்து, அதற்கான ஆண்டுக் கட்டணத்தைத் தொடர் செலவில் காட்டுங்கள். சிறு படங்கள், ஆவணப்படங்கள் என்றால் எடுத்தவருக்கே நேரடியாக எழுதிக் கேட்கலாம். எங்களுக்கு அப்படி இரண்டு பேர் மகிழ்ச்சியோடு அனுமதி தந்தார்கள். அந்தக் கடிதங்களை அச்செடுத்துக் கோரிக்கையோடு இணைத்தோம். காப்புரிமைக் காலம் முடிந்த பழைய படங்களும் இருக்கின்றன. அந்தக் காலம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் ஒவ்வொரு படத்துக்கும் தனியாகப் பார்க்க வேண்டும்.

செலவை இரண்டாகப் பிரியுங்கள்

பொருளாளருக்கு இரண்டு தொகை தனித்தனியாகத் தெரிய வேண்டும்: ஒருமுறை செலவு, ஆண்டுதோறும் வரும் செலவு. முதலாவதில் டிவி, சுவர் மாட்டி, மாட்டும் கூலி, ஒலிக்கான கருவிகள், மின்னழுத்த ஏற்றத்தாழ்விலிருந்து காக்கும் கருவி, நீளமான எச்டிஎம்ஐ கம்பி ஆகியவை வரும். இரண்டாவதில் திரையிடல் உரிமம், காப்பீட்டில் டிவியைச் சேர்க்கும் செலவு, பழுதுக்கான ஒதுக்கீடு, மின்சாரம். மின்சாரத்தைப் பற்றிப் பலர் தேவையில்லாமல் பயப்படுவார்கள், கணக்கைக் காட்டிவிடுங்கள். 200 வாட் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் மூன்று மணி நேரத்துக்கு 0.6 யூனிட், 52 வாரத்துக்குச் சுமார் 31 யூனிட்தான்.

மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்குங்கள். மூன்றும் ஒரே அளவு, ஒரே வாரத்தில் வாங்கியது, கொண்டுவந்து மாட்டித் தருவது உட்பட என்று இருந்தால்தான் ஒப்பிட முடியும். கொட்டேஷன் வாங்கும்போதே வாரண்டி அட்டையையும் படித்துவிடுங்கள். வீட்டு உபயோகத்துக்கான டிவியைப் பொது இடத்தில் வைத்தால் வாரண்டி செல்லாது என்று பல நிறுவனங்கள் போட்டிருக்கின்றன. கூடத்தின் பெயரில் ரசீது போட்டாலும் வாரண்டி உண்டு என்று கடைக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள், இல்லையென்றால் வணிக உபயோகத்துக்கான மாடலுக்கும் ஒரு கொட்டேஷன் கேளுங்கள்.

பூட்டுவது யார்?

செயலாளர் என்னிடம் கேட்ட அந்தக் கேள்விக்கு இரண்டாவது முறை பெயர்களோடு பதில் எழுதினோம். நான்கு பேர், மாதத்தில் ஆளுக்கு ஒரு வாரம். ஐந்தாவது வாரம் வந்தால் யார் என்பதும் குறித்திருந்தோம். அந்த வாரப் பொறுப்பாளர் சாவி வாங்குவார், நாற்காலி போடுவார், முடிந்ததும் அடுக்குவார், மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுவார், ரிமோட்டை அலுவலக அலமாரியில் வைத்துக் கையெழுத்துப் போடுவார். ரிமோட் விஷயம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ரிமோட் தொலைந்தால் டிவியே இல்லாத மாதிரிதான். டிவியில் யாருடைய சொந்தக் கணக்கும் உள்நுழைந்த நிலையில் இருக்கக் கூடாது, அமைப்புகளுக்கு ரகசிய எண் போட வேண்டும் என்பதையும் இங்கேயே எழுதுங்கள். படத்தை யார் தேர்ந்தெடுப்பது, சிறுவர் இருக்கும் நாளில் எந்த வயதுச் சான்று வரை, எத்தனை மணிக்குள் முடியும் என்று மூன்று வரி போதும்.

டிவியை மற்றவர்கள் பயன்படுத்தலாமா என்பதற்கும் பதில் வையுங்கள். முதியோர் வகுப்பு, கணக்கு வாசிக்கும் ஆண்டுக் கூட்டம், குழந்தைகள் நிகழ்ச்சி எல்லாவற்றுக்கும் இந்தத் திரை உதவும். பொறுப்பாளர் ஒருவர் உடனிருந்தால் தரலாம் என்று எழுதினோம். எங்களை எதிர்த்து நின்றிருக்கக்கூடிய இரண்டு குழுக்கள் அந்த வரியால் எங்கள் பக்கம் வந்தன.

கடிதத்தின் முதல் வரி

இத்தனையும் சேர்த்தாலும் கோரிக்கை இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நாற்காலி வரைபடம், கொட்டேஷன், அனுமதிக் கடிதங்கள் எல்லாம் இணைப்பாகப் போகட்டும். வரலாறு சொல்லித் தொடங்காமல், குழு எடுக்க வேண்டிய தீர்மானத்தையே முதல் பத்தியாக வையுங்கள். எங்களுடையது இப்படி இருந்தது:

"வாராந்திரத் திரைப்பட மாலைக்காகவும் கூடத்தின் பிற நிகழ்ச்சிகளுக்காகவும் 75 அங்குலத் தொலைக்காட்சி ஒன்றை, இணைப்பு 2-இல் கண்ட தொகைக்கு மிகாமல் வாங்கி, கூடத்தின் மேற்குச் சுவரில் பொருத்த இக்குழு ஒப்புதல் அளிக்கிறது. இணைப்பு 3-இல் உள்ள நால்வர் இதன் பொறுப்பாளர்கள். ஆறு மாதம் கழித்து வருகைக் கணக்கை அவர்கள் குழுவின் முன் வைப்பார்கள். மூன்று மாதம் தொடர்ந்து சராசரி வருகை 8-க்குக் கீழே போனால் வார மாலையை மாத மாலையாக மாற்றக் குழுவுக்கு உரிமை உண்டு."

கடைசி வாக்கியத்தைச் சேர்க்கலாமா என்று எங்களுக்குள் வாக்குவாதமே நடந்தது. நாமே நம் கழுத்தில் சுருக்கு மாட்டிக்கொள்கிறோமே என்று ஒருவர் வருத்தப்பட்டார். ஆனால் தயங்கிக்கொண்டிருந்த இரண்டு உறுப்பினர்கள் கை தூக்கியது அந்த வாக்கியத்தால்தான் என்று பிறகு அவர்களே சொன்னார்கள். பின்வாங்க வழி இருக்கிறது என்றால் ஒப்புக்கொள்வது எளிது.

கோரிக்கையைக் கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்பு கொடுத்தால் நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பார்கள் என்று செயலாளரிடம் கேட்டு, அதற்கும் ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். வழிமொழியப்போகிறவரிடம் முன்கூட்டியே பேசிவையுங்கள். அவர் திரைப்பட மாலைக்கு வருபவராக இல்லாமல், கூடத்தின் வேறு நிகழ்ச்சியை நடத்துபவராக இருந்தால் இன்னும் நல்லது. பொருளாளரிடம் செலவுப் பக்கத்தை மட்டும் முன்னதாகக் காட்டி, "ஏதாவது விட்டுப்போச்சா, கொஞ்சம் பாருங்க சார்" என்று கேளுங்கள். எங்கள் பொருளாளர் காப்பீட்டுச் செலவை அப்போதுதான் சேர்க்கச் சொன்னார். கூட்டத்தில் அதே கேள்வியை வேறொருவர் எழுப்பியபோது அவரே எங்களுக்காகப் பதில் சொன்னார்.

தீர்மானம் நிறைவேறியதும் மினிட்ஸில் தொகையும் பொறுப்பாளர் பெயர்களும் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று படித்துப் பாருங்கள். டிவி வந்த அன்று, பெட்டியைக் கொண்டுவந்தவர்கள் முன்னாலேயே பிரித்து, சுவரில் மாட்டும் முன் மின்சாரம் கொடுத்து, முழு வெள்ளைத் திரை ஒன்றும் முழுக் கறுப்புத் திரை ஒன்றும் போட்டு, விரிசலோ கோடோ கறையோ இருக்கிறதா என்று பார்த்த பிறகே ரசீதில் கையெழுத்திடுங்கள். அப்புறம் நாற்காலிகளைப் போட்டு, கடைசி வரிசை ஓரத்தில் ஒரு பெரியவரை உட்கார வைத்து, சப்டைட்டிலை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். எங்கள் கூடத்தில் அன்று, "என்னப்பா சொல்றான்" என்று கேட்டுக்கொண்டிருந்த அதே பெரியவர்தான் வாசித்தார்.